வாட்ஸ்அப் குறிப்புகளிலிருந்து ஒரு முதல் வாரப் பட்டியல்

எங்கள் பள்ளி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை உண்டு. ஆசிரியர்கள் பதினான்கு பேர், அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர். எல்லாப் பள்ளிகளையும் போல எங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புதிதாக யாராவது பணியில் சேர்ந்தால் அன்று மாலையே அவரைக் குழுவில் இணைத்துவிடுவோம். அதன் பிறகு அறிவுரைகள் வரத் தொடங்கும். "மறக்காம பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்துடுங்க", "பான் கார்டு ரெண்டு நகல் எடுத்து வெச்சுக்கோங்க", "எமிஸ்ல பேரு ஏறிடுச்சான்னு பாருங்க", "எஸ்.ஆர். ஓப்பன் பண்ணச் சொல்லுங்க". இவற்றுக்கு நடுவே காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்துகொண்டிருக்கும். புதியவர் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரவு உட்கார்ந்து மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துத் தனக்கு வேண்டியதைத் தேடுவார்.

கடந்த கல்வியாண்டில் இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் எங்கள் பள்ளிக்கு நியமனம் பெற்றார்கள். அவர்கள் வரும் முன் இந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி ஒரே தாளில் தரலாம் என்று தலைமையாசிரியர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு முறை செய்ய வேண்டியிருந்த வேலை அது. முதல் முறை செய்தது ஏன் போதவில்லை என்பதையும் இரண்டாம் முறை எப்படிச் செய்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

குறிப்புகளைத் திரட்டுதல்

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவின் உரையாடல் முழுவதையும் படங்கள் இல்லாமல் ஓர் எழுத்துக் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் குழுவில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டு மூன்று ஆண்டு உரையாடலை அப்படி எடுத்துக்கொண்டேன். அதை முழுவதும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. "புதுசா", "சேர்ந்த", "மொதல்ல", "மறக்காம", "இல்லன்னா" என்ற சொற்களை மட்டும் தேடினேன். இவற்றில் அதிகம் பயன்பட்டவை "மறக்காம", "இல்லன்னா" என்ற இரண்டும்தான். ஒருவர் "மறக்காம இதைச் செய்யுங்க" என்று எழுதினால், அவர் முன்பு அதை மறந்து சிரமப்பட்டிருக்கிறார் என்றே பொருள். "இல்லன்னா" என்பதற்குப் பின்னால் அவர் பட்ட சிரமமே எழுதப்பட்டிருக்கும்.

குரல் பதிவுகள் கோப்பில் வராது. அவற்றைத் தனியாகக் கேட்டு எழுதினேன். நீளமான, பயனுள்ள விளக்கங்கள் பெரும்பாலும் குரல் பதிவுகளில்தான் இருந்தன.

தேடும்போது இரண்டு தவறுகளும் கண்ணில் பட்டன. ஒரு நாள் அவசரத்தில் யாரோ பள்ளியின் எமிஸ் கடவுச்சொல்லைக் குழுவில் போட்டிருந்தார்கள். இன்னொரு நாள் மாணவர்கள் சிலரின் ஆதார் அட்டைப் படங்கள் வந்திருந்தன. கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் அன்றே மாற்றினார். ஆதார் படங்களை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் அழிக்கச் சொன்னோம். உங்கள் பள்ளியில் இந்த வேலையைத் தொடங்கினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று கேள்விகள்

திரட்டியதை அப்படியே வரிசையாக எழுதினால் அது பட்டியல் ஆகாது. ஒரு குறிப்பு இன்னொன்றுக்கு முரணாக இருந்தது. சில குறிப்புகள் காலாவதியாகியிருந்தன. சில, சொன்னவருக்கு மட்டுமே பொருந்துபவை. எனவே ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகள் கேட்டோம். இது யாருக்குப் பொருந்தும்? இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்? சரி என்று சொல்ல வேண்டியவர் யார்?

முதல் கேள்வியிலேயே பல குறிப்புகள் பிரிந்துவிட்டன. "பழைய ஸ்கூல்ல எமிஸ்ல ரிலீவ் பண்ணச் சொல்லுங்க, அப்பதான் இங்க சேர்க்க முடியும்" என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். அது மாறுதலில் வந்தவருக்கு முற்றிலும் சரியான அறிவுரை. முதல் முறையாக நியமனம் பெறுபவருக்குப் பழைய பள்ளி என்று ஒன்று இல்லை. அவர் அதைப் படித்துக் குழம்பத்தான் செய்வார். அதேபோல் "எஸ்.ஆர். பி.இ.ஓ. ஆபீஸ்ல இருக்கும், அங்க போய்ப் பாருங்க" என்று ஒரு குறிப்பு. அதை எழுதியவர் முன்பு தொடக்கப் பள்ளியில் பணியாற்றியவர். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊதியம் பெற்று வழங்குபவர் வட்டாரக் கல்வி அலுவலர், அதனால் பணிப்பதிவேடும் அங்கே இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பொறுப்பு தலைமையாசிரியருடையது. பதிவேடு பள்ளி அலுவலகத்திலேயே இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள், அது யாருக்கானது என்பதை மட்டும் சொல்லவில்லை. பட்டியலில் ஒவ்வொரு வரியின் முன்னும் புதிய நியமனத்துக்கு 'நி', மாறுதலில் வருபவருக்கு 'மா' என்று குறித்ததும் இந்தக் குழப்பம் தீர்ந்தது. இரண்டும் இல்லாத வரி எல்லாருக்கும் பொதுவானது.

இரண்டாம் கேள்விதான் வரிசையைத் தந்தது. பணியேற்பு அறிக்கை கொடுத்த பின்தான் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத முடியும். எமிஸ் தளத்தில் பள்ளியின் கீழ் ஆசிரியரின் விவரம் ஏறிய பின்தான் செயலியில் அவரால் நுழைய முடியும். குழுவிலோ இவை நேர்மாறான வரிசையில் இருந்தன. செயலியில் நுழைய முடியவில்லை என்ற புலம்பலும் அதற்கான பதிலும்தான் அதிகம் இருந்தன. அதற்கு முந்தைய படியைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் இருந்தது.

மூன்றாம் கேள்வி முரண்பாடுகளைத் தீர்த்தது. இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், யார் மூத்தவர் என்று பார்க்காமல், அந்த வேலையைச் செய்பவரிடம் கேட்டோம். ஊதியம் தொடர்பானவற்றுக்கு இளநிலை உதவியாளரிடமும் விடுப்பு, பணி விதிகள் தொடர்பானவற்றுக்குத் தலைமையாசிரியரிடமும் கேட்டோம்.

ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம்

எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு குரல் பதிவில் இப்படிச் சொல்லியிருந்தார்: "மொதல்ல பாஸ்புக் ஜெராக்ஸைக் கொடுத்துடுங்க. இல்லன்னா சம்பளம் ஏறாது. எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு."

முதலில் இதை "வங்கிக் கணக்குப் புத்தக நகலை முதல் நாளே கொடுக்கவும்" என்று எழுதிக்கொண்டேன். பிறகு அவரிடம் நேரில் கேட்டேன்: "நீங்க எப்ப கொடுத்தீங்க டீச்சர்?" சற்று யோசித்துவிட்டு, "சேர்ந்த ரெண்டாம் நாளே கொடுத்துட்டேனே சார்" என்றார். அப்படியானால் ஏன் தள்ளிப்போனது? இளநிலை உதவியாளரிடம் கேட்டபோது உண்மை தெரிந்தது. நியமன ஆணையில் அவருடைய தலைப்பெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வந்தது. திருமணத்துக்குப் பின் தொடங்கிய வங்கிக் கணக்கில் கணவரின் பெயரிலிருந்து வந்தது. பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயரும் சேர்ந்திருந்தது. இவற்றைச் சரிசெய்யத்தான் இரண்டு மாதம் ஆனது. நகலைப் பத்து நாள் முன்பே கொடுத்திருந்தாலும் இதே தாமதம் நேர்ந்திருக்கும்.

எனவே பட்டியலில் அந்த வரி இப்படி ஆனது: "நியமன ஆணை, ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒப்பிடுக. ஓரெழுத்து மாறினாலும் இன்றே இளநிலை உதவியாளரிடம் சொல்க."

இதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட முறை எளியது. குறிப்பு சொன்னவரிடம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன், அன்று என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். நடந்ததை நினைவிலிருந்து சரியாகச் சொல்வார்கள். அதன் காரணத்தைப் பல நேரம் தவறாக ஊகித்திருப்பார்கள். நடந்ததும் காரணமும் சேர்ந்தால்தான் பட்டியலுக்கு ஒரு வரி கிடைக்கும்.

முதல் பட்டியல் எங்கே தவறியது

இப்படி இருபத்து மூன்று வரிகளில் ஒரு பட்டியல் தயாரானது. இருவரும் சேர்ந்த அன்று கையில் கொடுத்தோம். அலுவலக வேலைகள் தடையின்றி நடந்தன. புதிதாக வந்த கணித ஆசிரியையின் ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தது முதல் நாளே தெரியவந்து, ஊதியப் பட்டியல் தயாராகும் முன் தீர்வும் கிடைத்தது. நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் 7-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியர் விடுப்பு. மாற்று வகுப்புக்குக் கணித ஆசிரியை போனார். வகுப்பு தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு மாணவன் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்து கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கினான். அவனுக்கு வலிப்பு நோய் உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறான். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். புதியவருக்குத் தெரியாது. அவர் பதறிப் போய்த் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவன் வாயருகே கொண்டுபோனார். ஒரு மாணவன் சாவிக்கொத்து கேட்டு அலுவலகத்துக்கு ஓடினான். முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவிதான் ஆசிரியையின் கையைப் பிடித்து, "டீச்சர், வாயில எதுவும் ஊத்தக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்" என்றாள். வகுப்பாசிரியர் அவர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. பையன் நலம். அவன் அம்மா வந்து அழைத்துப்போனார்.

மாலையில் கணித ஆசிரியை என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "பான் கார்டு நகல் எத்தனை எடுக்கணும்னு ஆறு பேர் சொன்னாங்க சார். இதை ஒருத்தர்கூடச் சொல்லலையே. உங்க பட்டியல்லயும் இல்லையே" என்றார்.

அன்றிரவு மூன்று ஆண்டுக் கோப்பில் மறுபடியும் தேடினேன். அந்த மாணவனைப் பற்றியோ வலிப்பு பற்றியோ ஒரு செய்திகூட இல்லை. காரணம் எளிது. குழுவில் வருபவை யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எழுதுவதில்லை. ஊதியம் தள்ளிப்போனவர் கேட்பார். வகுப்பில் எந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும் என்பதே புதியவருக்குத் தோன்றாது. உரையாடலிலிருந்து மட்டும் செய்த பட்டியல், எங்களைத் தொந்தரவு செய்தவற்றின் பட்டியலாகத்தான் இருந்தது. குழந்தைகள் அதில் இல்லை.

யாரும் எழுதாதவற்றைத் திரட்டுதல்

இரண்டாம் முறை மூன்று வழிகளில் தேடினோம்.

முதல் வழி, கடந்த சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: "முதல் மாதத்தில் எதைத் தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டீர்கள்?" உடற்கல்வி ஆசிரியர் சொன்னார், ஒரு மாணவியை அழைத்துப்போக உறவினர் என்று ஒருவர் வந்தபோது தான் அனுப்பவிருந்ததாகவும், அலுவலகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்று பிறகுதான் தெரிந்ததாகவும்.

இரண்டாம் வழி, ஒரு முழு நாளைக் காலை வழிபாட்டிலிருந்து மாலை மணி வரை நடந்து பார்ப்பது. புதிய கணித ஆசிரியையும் நானும் ஒரு குறிப்பேட்டோடு நடந்தோம். அவர் கேட்டதையெல்லாம் எழுதினோம். "மதிய உணவு வரிசையில் யார் நிற்பாங்க?" "இந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு?" "முதலுதவிப் பெட்டி எங்க?" பழகிய கண்ணுக்கு இவை கேள்வியாகவே படுவதில்லை. அதனால் இந்த நடையில் புதியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக இருப்பவர்கள் மட்டும் நடந்தால் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாம் வழி மாணவர்கள். வகுப்புத் தலைவர்களை அழைத்து, "ஒரு புது டீச்சர் வந்தா அவங்களுக்கு என்ன தெரியாது?" என்று கேட்டோம். அரை மணி நேரத்தில் எங்களுக்கே தெரியாதவற்றையும் சொன்னார்கள். 6-ஆம் வகுப்பறையின் மின்விசிறி சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். மழை பெய்தால் 8-ஆம் வகுப்பின் கடைசி பெஞ்ச் நனையும், அவர்களை முன்னே அழைத்து உட்கார வைக்க வேண்டும். நான்கு பேருக்கு ஊர்ப் பேருந்து மாலை மணிக்கு ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பும், கடைசி வகுப்பை நீட்டினால் அவர்கள் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுவிட்சை அந்த வாரமே மாற்றினோம்.

வரிசையை மாற்றுதல்

முதல் பட்டியலில் அலுவலக வேலைகளின் வரிசை மட்டும் இருந்தது. ஒன்றை அடுத்து ஒன்று வரும் வேலைகளுக்கு அது சரியான முறை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு வேறு அளவுகோல் வேண்டும்: இது தெரியாமல் ஒருவர் வகுப்பில் நுழைந்தால் என்ன ஆகும்? கெடுதல் நேரக்கூடியது எதுவோ அது வகுப்புக்கு முன். தாமதமோ குழப்பமோ மட்டும் நேரக்கூடியது பிறகு. இப்படிப் பிரித்ததும் நான்கு வரிகள் எல்லாவற்றுக்கும் முன்னே வந்தன. ஒன்றாகச் சேர்க்கக்கூடியவற்றைச் சேர்த்து, முதல் வாரத்தில் தேவைப்படாதவற்றை எடுத்துவிட்டுப் பதினெட்டு வரிகளில் முடித்தோம். இப்போது நாங்கள் கொடுக்கும் பட்டியல் இதுதான்.

முதல் நாள், வகுப்பில் நுழையும் முன்:

1. மருத்துவக் கவனம் தேவைப்படும் மாணவர்கள் யார், அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் நேரில் கேட்டறிக.
2. வலிப்பு, மயக்கம், காயம் ஏற்பட்டால் செய்ய வேண்டியவை, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் தொலைபேசி எண்கள் இருக்கும் இடம்.
3. பள்ளி நேரத்தில் மாணவரை வெளியே அனுப்பும் முறை. அலுவலகப் பதிவேட்டில் எழுதாமல் யாருடனும் அனுப்பக் கூடாது.
4. வளாகத்தில் ஆபத்தான இடங்களைச் சுற்றிப் பார்த்தல்.

முதல் நாள், அலுவலகத்தில்:

5. பணியேற்பு அறிக்கை. முற்பகலா பிற்பகலா என்பதைத் தெளிவாக எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்க.
6. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி ஒப்பமிடல்.
7. நான்கு ஆவணங்களில் பெயர், தலைப்பெழுத்து ஒப்பீடு.

இரண்டாம் நாள்:

8. (நி) அசல் சான்றிதழ்களைக் காட்டி நகல்களை ஒப்படைத்தல். (மா) விடுவிப்பு ஆணை, இறுதி ஊதியச் சான்று ஒப்படைத்தல்.
9. இம்மாத ஊதியப் பட்டியல் எந்த நாள் தயாராகும் என இளநிலை உதவியாளரிடம் கேட்டுக் குறித்தல்.
10. எமிஸில் விவரம் ஏற்றப்பட்டதா எனத் தலைமையாசிரியரிடம் உறுதி செய்தல். (மா) பழைய பள்ளி விடுவித்துவிட்டதா எனக் கேட்டல்.
11. பாடவேளை அட்டவணை பெறுதல். பாடம் எதுவரை நடந்துள்ளது என மாணவர் குறிப்பேடுகளைப் பார்த்து அறிதல்.

மூன்றாம் நாள்:

12. செயலியில் நுழைந்து வருகையைப் பதிதல்.
13. மாற்று வகுப்புப் பதிவேடு எங்கே உள்ளது, யார் எழுதுவார். மாற்று வகுப்புக்குப் போகும் முன் முதல் வரியை அந்த வகுப்புக்காக மறுபடி கேட்க.
14. பாடக்குறிப்பு எழுதும் முறை, ஒப்படைக்கும் நாள்.

நான்காம் நாள்:

15. (நி) பணிப்பதிவேடு தொடங்கப்பட்டதா எனக் கேட்டு, எழுதியிருந்தால் முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தல். (மா) பணிப்பதிவேடு வந்துசேர்ந்ததா எனக் கேட்டல்.
16. ஓய்வூதியத் திட்டம், மருத்துவக் காப்பீட்டுப் படிவங்கள்.

ஐந்தாம் நாள்:

17. விடுப்பு கோரும் முறை. திடீரெனப் பள்ளிக்கு வர முடியாதபோது யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்.
18. பட்டியலைக் கொடுத்தவருடன் அரை மணி நேரம் அமர்தல். முடியாதவை எவை? பட்டியலில் இல்லாமல் தடுமாறியது எது?

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. ஐந்தாம் வரியில் முற்பகல், பிற்பகல் என்ற சொல் சிறியதாகத் தோன்றும். பிற்பகலில் பணியேற்றால் ஊதியக் கணக்கு மறுநாளிலிருந்துதான் தொடங்கும். பதினைந்தாம் வரியில் முதல் பக்கத்தைப் படிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை மாற்றக் கோருவதானால் பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிழையை ஓய்வு பெறும் காலத்தில் கண்டால் வழியில்லை. பதினொன்றாம் வரியில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லாமல் குறிப்பேட்டைப் பார்க்கச் சொல்வது, நடத்தியதாக எழுதப்பட்டதற்கும் மாணவர் எழுதி முடித்ததற்கும் இடைவெளி இருக்கக்கூடும் என்பதால்.

இரண்டாம் வரிக்கான செய்முறையைப் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டோம். வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பெஞ்சு, நாற்காலிகளை நகர்த்த வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் தண்ணீரோ கரண்டியோ எதுவும் வைக்கக் கூடாது. இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நினைவு தெளியும் வரை உடன் இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியும் முன் மறுபடி வந்தாலோ, அந்தக் குழந்தைக்கு அதுவே முதல் முறை என்றாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எழுதக் கூடாதவை

முதல் வரியில் மாணவர்களின் பெயர்கள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திருத்திய பட்டியலின் வரைவில் பெயர், வகுப்பு, நோய் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தேன். தலைமையாசிரியர் அதை நீக்கச் சொன்னார். தாள் ஒன்று மேசையில் கிடந்தால் அடுத்த வேளைக்குள் வகுப்பு முழுவதும் அறிந்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பெற்றோர் நம்பிச் சொன்ன விவரம் அது. எனவே பட்டியல் "கேட்டறிக" என்று மட்டும் சொல்லும். விவரம் வகுப்பாசிரியரின் வாய்மொழியாகவே போகும். வகுப்பாசிரியர் விடுப்பில் இருந்தால் சொல்ல, தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் ஒரு குறிப்பேடு உண்டு. கடவுச்சொற்களுக்கும் இதே விதிதான்.

பட்டியல் வேலை செய்கிறதா என்று அறிவது

அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஒரு தமிழாசிரியர் மாறுதலில் வந்தார். திருத்திய பட்டியலை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான். வகுப்புக்கு முந்தைய நான்கு வரிகளுக்குப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்திருந்தோம், இருபத்தைந்து நிமிடம் ஆனது. முதல் பாடவேளை மணி அடித்தும் அவர் வகுப்புக்குப் போகவில்லை. அதிலிருந்து, புதியவருக்கு முதல் நாள் முதல் பாடவேளையில் வகுப்பு ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தோம். ஐந்தாம் நாள் அமர்வில் அவர் ஒன்றைச் சொன்னார்: உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் சாவி யாரிடம் என்று தெரியாமல் ஒரு வகுப்பு வீணானதாம். அந்தத் தகவலைப் பதினொன்றாம் வரியோடு சேர்த்துக்கொண்டோம்.

பட்டியல் சரியாக இருக்கிறதா என்பதை வாட்ஸ்அப் குழுவே காட்டிக்கொடுக்கும். பட்டியலில் உள்ள ஒன்றைப் புதியவர் குழுவில் கேட்டால், அந்த வரி புரியும்படி எழுதப்படவில்லை என்று பொருள். பட்டியலில் இல்லாத ஒன்றை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால், அது பட்டியலுக்குள் வர வேண்டும். இதைக் கவனிக்க ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறோம். தாளின் தலைப்பில் திருத்திய தேதி இருக்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையின் முடிவிலும், பள்ளி திறக்கும் முன், இளநிலை உதவியாளரும் நானும் அமர்ந்து வரி வரியாகப் பார்ப்போம். செயலிகளும் படிவங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், தேதியில்லாத பட்டியலும் நாளடைவில் பழைய வாட்ஸ்அப் குறிப்பைப் போலவே ஆகிவிடும்.

உங்கள் பள்ளிக்கு இதே பதினெட்டு வரிகள் பொருந்தாது. தொடக்கப் பள்ளியில் அலுவலக வரிகள் பாதி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நடக்கும். ஈராசிரியர் பள்ளியில் மாற்று வகுப்புப் பதிவேடே தேவைப்படாது. உங்கள் குழுவில் "மறக்காம" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பிறகு, வந்து ஒரு வாரமே ஆன ஓர் ஆசிரியரோடு ஒரு நாள் முழுவதும் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள்.

இப்போது 7-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு மாற்று வகுப்பு எடுக்க யார் போனாலும், போகும் முன் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்பவர் எங்கள் கணித ஆசிரியைதான்.